கல்லீரல் பயாப்ஸி: ரத்தப் பரிசோதனை காட்டாததை நீங்கள்தான் சொல்ல வேண்டும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. ஆறு மாதமாக ஓயாத அசதி. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 280. மஞ்சள் காமாலை கிருமிகளுக்கான டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ். ஏ.என்.ஏ. பாசிட்டிவ், ஐ.ஜி.ஜி. அதிகம். ஸ்கேனில் கட்டி இல்லை, வயிற்றில் நீரும் இல்லை. தஞ்சாவூரில் காட்டினோம். கல்லீரலில் ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டும் என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்கள். படித்தும் பாதி புரியவில்லை. பிளேட்லெட் 1,40,000, ஐ.என்.ஆர். 1.2. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. நெஞ்சுவலி வந்ததால் மூன்று வருடமாக ஆஸ்பிரின் 75 போடுகிறார், ஸ்டென்ட் வைக்கவில்லை. சதை எடுத்தால் கேன்சர் ஆகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதிலிருந்து வரமாட்டேன் என்கிறார். ரொம்ப வலிக்குமா? அன்றைக்கே பஸ்ஸில் ஊர் திரும்பலாமா? நடவு வேலைக்கு எப்போது போகலாம்?
- ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, அம்மாவின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பயாப்ஸி என்றாலே கேன்சர் என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஊறிக் கிடக்கிறது. கல்லீரலில் ஊசி போட்டுச் சதை எடுப்பதால் புதிதாகக் கேன்சர் வராது. அம்மாவுக்குக் கட்டியும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் கல்லீரலையே தாக்குகிற ஆட்டோஇம்யூன் ஹெப்படைட்டிஸ் என்ற நோயாக இருக்குமோ என்றுதான் டாக்டர்கள் பார்க்கிறார்கள். சொந்த உடம்பையே எதிர்க்கும் புரதத்தைத் தேடும் ஏ.என்.ஏ. டெஸ்ட், எதிர்ப்புச் சக்திப் புரதமான ஐ.ஜி.ஜி. இரண்டும் அந்தப் பக்கம் கை காட்டுகின்றன. ஆனால் அவை மட்டும் போதாது, வேறு காரணங்களாலும் அவை கூடலாம். ஃபைப்ரோஸ்கேன் எடுத்தால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரியும், ஏன் இறுகியது என்று தெரியாது. இந்த நோய்க்கு ஸ்டீராய்டும் அஸாதயோப்ரின் மாத்திரையும் வருடக்கணக்கில், பலருக்கு ஆயுள் முழுவதும் தர வேண்டியிருக்கும். சர்க்கரை உள்ளவருக்கு ஸ்டீராய்டு ஆரம்பித்தால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். அப்படிப்பட்ட மருந்தை ஊகத்தின் பேரில் தொடங்கக் கூடாது என்பதால்தான் சதையைப் பார்த்து உறுதிப்படுத்துகிறார்கள். எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது.

ஊசிக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஊசி கல்லீரலுக்குள் இருப்பது ஒரு நொடி. அதிகம் கவனம் வைக்க வேண்டியது அதற்கு முந்தைய ஒரு வாரத்திலும் பிந்தைய ஒரு ராத்திரியிலும்தான்.

ரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரலே செய்கிறது. அதனால் கல்லீரல் கெட்டவருக்கு ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்குமா என்று முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். ஐ.என்.ஆர். அந்தப் புரதங்களின் அளவுகோல். பிளேட்லெட் எண்ணிக்கை, ஓட்டையை முதலில் போய் அடைக்கும் அணுக்கள் எவ்வளவு இருக்கின்றன என்று சொல்கிறது. பொதுவாக ஐ.என்.ஆர். 1.5-க்குள்ளும் பிளேட்லெட் 50,000-க்கு மேலும் இருந்தால் விலா வழியாக ஊசி போடத் துணிவார்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்த எல்லை கொஞ்சம் மாறும். அம்மாவின் இரண்டு எண்களும் தாராளமாகப் பாதுகாப்பான பக்கத்தில் இருக்கின்றன. எண்கள் மோசமாக இருந்தாலோ வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டுக் கல்லீரலுக்குப் போய்ச் சதை எடுக்கும் வழி இருக்கிறது. அம்மாவுக்கு அது தேவைப்படாது. ரத்த வகை பார்த்து வைப்பார்கள், அதைக் கண்டு பதற வேண்டாம், எல்லோருக்கும் செய்வதுதான்.

ஆனால் இந்த இரண்டு எண்களும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஆஸ்பிரின் பிளேட்லெட்டின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் திறனைத்தான் முடக்குகிறது. அதனால் ஆஸ்பிரின் போட்டுக்கொண்டிருப்பவரின் ரிப்போர்ட்டில் 1,40,000 என்றுதான் வரும், ஐ.என்.ஆரும் சரியாகவே இருக்கும். முடங்கிய பிளேட்லெட் திரும்பத் தேறாது. அது செத்துப் புதிது வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஒரு வாரத்துக்கு முன்பே ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்வது இதனால்தான். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் இல்லாதவருக்குப் பெரும்பாலும் ஒரு வாரம் நிறுத்த ஒத்துக்கொள்வார்கள். இருந்தாலும் அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் சொன்னதைத் தாளில் எழுதி வாங்கி, பயாப்ஸி எடுக்கும் டாக்டரிடம் காட்டுங்கள். அண்மையில் ஸ்டென்ட் வைத்தவராக இருந்தால் கதையே வேறு, அவருக்கு பயாப்ஸியைத்தான் தள்ளிப்போடுவோம். க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கிறது. அதனால் பெயர் தெரியாத மாத்திரையாக இருந்தால் அட்டையையே எடுத்துப்போங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர் என்றால், மூட்டு வலி, இடுப்பு வலிக்கு மெடிக்கலில் 'ஒரு செட்' வாங்கிப் போடும் பழக்கம் அம்மாவுக்கு உண்டா? இந்தக் கேள்வியை நான் எல்லா நோயாளியிடமும் கேட்பேன். வீட்டில் மாத்திரை என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால் சர்க்கரை மாத்திரை, நெஞ்சு மாத்திரை என்று மட்டும்தான் சொல்வார்கள். செட் மாத்திரை கணக்கிலேயே வராது. காகிதத்தில் மடித்துக் கொடுப்பதால் பெயரும் தெரியாது. அதில் வழக்கமாக டைக்ளோஃபினாக் போன்ற ஒரு வலி மாத்திரை இருக்கும், பல செட்களில் சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்திருக்கும். வலி மாத்திரை பிளேட்லெட்டைத் தற்காலிகமாக மழுக்கும், நிறுத்தினால் சில நாளில் சரியாகிவிடும். பயாப்ஸிக்கு ஒரு வாரம் முன்பே அதை விட்டுவிடுவது நல்லது.

அம்மா விஷயத்தில் இன்னும் முக்கியமானவை செட் மாத்திரையின் மற்ற இரண்டு விளைவுகள். டைக்ளோஃபினாக் சிலருடைய கல்லீரலைத் தானே புண்ணாக்கும். ரத்த டெஸ்டில் அது ஆட்டோஇம்யூன் நோய் போலவே தோற்றம் காட்டவும் கூடும். ஸ்டீராய்டோ எதிர்ப்பக்கம் வேலை செய்யும். எந்த வீக்கத்தைத் தேடி ஊசி போடுகிறோமோ அதையே அடக்கிவிடும். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பேத்தாலஜி டாக்டருக்குப் படம் கலங்கலாகத் தெரியும். நாட்டு மருந்துச் சூரணம், மூட்டுவலி லேகியம், மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சத்து மாத்திரை எதுவானாலும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். டாக்டர் திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். அந்தப் பைக்குள்ளேயே நோயின் காரணம் இருந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் அம்மாவிடம் கேட்டு வையுங்கள். பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் ராத்திரி முழுக்கக் கசிந்ததா? பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா? சின்ன இடிக்கே உடம்பில் கன்றிப்போகிறதா? இவற்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் டாக்டர் மேலும் சோதிப்பார்.

பட்டினி விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் முறை காலை 10 மணி என்று வைத்துக்கொள்வோம். முந்தின ராத்திரி 9 மணிக்குள் இட்லி மாதிரி ஏதாவது வயிறாரச் சாப்பிடட்டும். திட உணவுக்குக் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் எழுந்ததும் குடிக்கும் டீ இதில் உணவுக் கணக்குதான், பால் சேர்ந்த எதுவும் கூடாது. வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை சில வாய் குடிக்கலாம் என்பது பொது வழக்கம். உங்கள் ஆஸ்பத்திரித் தாளில் அதைவிடக் கடுமையாக எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். வயிறு காலியாக இருக்கச் சொல்வதற்குக் காரணம், மயக்கம் தர ஊசி போட்டாலோ, அபூர்வமாக ரத்தம் கசிந்து அவசர சிகிச்சை தேவைப்பட்டாலோ சாப்பிட்டது மேலே ஏறி மூச்சுக்குழாயில் போய்விடக் கூடாது என்பதுதான்.

சர்க்கரைக்காரர்களுக்குப் பட்டினிதான் கவலை. சாப்பிடாத காலையில் சர்க்கரை மாத்திரையையும் போடக் கூடாது, போட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கும். இன்சுலின் போடுபவர் என்றால் அளவை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். பிரஷர் மாத்திரை, ஆஸ்பிரின் தவிர்த்த நெஞ்சு மாத்திரை இருந்தால் ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் போடச் சொல்வார்கள். சர்க்கரை உள்ளவர் என்று சொல்லிப் பட்டியலில் முதல் ஆளாக எழுதச் சொல்லுங்கள், கேட்பதில் தவறில்லை. காத்திருக்கும்போது கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். யாருக்கும் சொல்லாமல் மிட்டாய் கொடுத்துவிடாதீர்கள். விரலில் குத்திப் பார்த்து, தேவையானால் குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.

வலி எப்படி இருக்கும் என்பதை அம்மாவுக்குப் புரியும்படி சொல்கிறேன். மல்லாந்து படுக்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்வார்கள். விலாவின் இடைவெளி அப்போதுதான் விரியும். ஸ்கேன் ஜெல் ஜில்லென்று இருக்கும். வலது பக்கம் கீழ் விலாக்களுக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்து, மருந்து தடவித் துடைப்பார்கள். பிறகு மரத்துப்போக லிக்னோகெய்ன் ஊசி. இதுதான் உண்மையில் வலிக்கிற கட்டம், பத்துப் பதினைந்து நொடி சுருக்கென்று எரியும். பிறகு அந்த இடம் மரத்துவிடும். பயாப்ஸி ஊசி நுழைவதற்குத் தோலில் சின்னதாக ஒரு கீறல் போடுவார்கள், அதைத் தொடுகிற உணர்ச்சியாகத்தான் அம்மா அறிவார்.

அடுத்து, மூச்சை வெளியே விட்டு அப்படியே அடக்கச் சொல்வார்கள். மூச்சு விடும்போதெல்லாம் கல்லீரல் மேலும் கீழும் நகர்கிறது. ஊசி உள்ளே இருக்கும்போது அது நகர்ந்தால் மேற்பரப்பு கிழியலாம். ஊசி போடும் நேரத்தில், ரத்தக்கசிவுக்கான காரணங்களில் நம் கையில் இருப்பது இது ஒன்றுதான். ஆகவே வீட்டிலேயே பழக்குங்கள்: மூச்சை இழு, முழுக்க விடு, அப்படியே ஐந்து பத்து நொடி நிறுத்து. அம்மா ஒரு நாளைக்கு நாலைந்து தடவை செய்தால் போதும். அந்த நொடியில் ஸ்டேப்ளர் அடித்தது போல 'டக்' என்று சத்தம் கேட்கும், உள்ளே யாரோ ஒரு விரலால் குத்தியது போல அழுத்தம் தெரியும். சத்தம் கேட்டுத் துள்ளுபவர்கள் உண்டு, அதனால் முன்பே சொல்லி வையுங்கள். கிடைத்த துண்டு போதவில்லை என்றால் இன்னொரு முறை எடுப்பார்கள். வருவது ஒரு சேமியா இழை அளவு சதை, நீளம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். கல்லீரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு என்று சொல்வோம்.

கல்லீரலுக்குள் வலி உணர்ச்சி கிடையாது, மேல் உறைக்குத்தான் உண்டு. அதனால் மருந்தின் மரத்தல் போனதும் ஊசி போட்ட இடத்தில் மந்தமாக வலிக்கும். பலருக்கு வலது தோளில் வலிக்கும். வயிற்றில் ஊசி போட்டதற்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று நோயாளிகள் திகைத்துப் போகிறார்கள். கல்லீரலுக்கு மேல் இருக்கும் உதரவிதானத்தின் நரம்பும் தோள் பக்கத்து உணர்ச்சியும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே மட்டத்திலிருந்து வருவதால் மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொள்கிறது. சில மணி நேரத்தில் குறைந்துவிடும். பாராசிட்டமால் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்த பின்பும் அதையே போடலாம். கல்லீரல் நோய் இருப்பதால் நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மேல் போக வேண்டாம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நாலு. டைக்ளோஃபினாக்கும் செட் மாத்திரையும் கூடவே கூடாது.

எடுத்து முடித்தவுடன் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வது வழக்கம். உடம்பின் பாரமே அந்த இடத்தை அழுத்தட்டும் என்ற யோசனை. பிறகு மல்லாந்து, மொத்தம் நாலு முதல் ஆறு மணி நேரம் படுக்கை. நர்ஸ் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கால் மணிக்கு ஒரு தடவையும், அடுத்து அரை மணிக்கு ஒரு தடவையும் நாடியும் பிரஷரும் பார்ப்பார். பெண்கள் இந்த இடத்தில் படும் சங்கடம் சிறுநீர். பெட்பேனில் கூச்சப்பட்டுக்கொண்டு 'கொஞ்சம் பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்' என்று எழுந்துவிடுவார்கள். ஆகவே உள்ளே போகும் முன் ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். திரையை இழுத்துவிட்டு நீங்களே பெட்பேனைப் பிடித்தால் அம்மாவின் கூச்சம் பாதி குறையும். இரண்டு மணி நேரம் கழித்து நர்ஸ் சரி என்றதும் கஞ்சியோ மோரோ கொடுக்கலாம்.

பெரிய ரத்தக்கசிவு நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. நேர்ந்தால் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலும், கிட்டத்தட்ட எல்லாமே 24 மணி நேரத்துக்குள்ளும் தெரிந்துவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? எண்களின் போக்கைப் பாருங்கள். ஊசிக்கு முன் நாடி 78, பிரஷர் 130 என்றிருந்து, பிறகு நாடி 84, 82, 80 என்று ஏறி இறங்கினால் அது பயம் தணிவது. 78, 94, 110 என்று ஏறிக்கொண்டே போய், பிரஷர் 130-லிருந்து 105-க்கு வந்தால் உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று உடனே ஸ்கேன் செய்வார்கள். அம்மா மெட்டோப்ரோலால் போன்ற, நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை போடுபவராக இருந்தால் நாடி ஏறாமல் ஏமாற்றும், அதனால் அதையும் நர்ஸிடம் சொல்லி வையுங்கள். வலி குறையாமல் கூடிக்கொண்டே போவது, வயிறு உப்பிக் கல் போல் ஆவது, குளிர்ந்து வேர்ப்பது, எழும்போது கண் இருட்டுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் நர்ஸ் வரும்வரை காத்திருக்காமல் போய்க் கூப்பிடுங்கள்.

இதனால்தான் அன்றைக்கே பஸ் ஏற வேண்டாம் என்கிறேன். ஆஸ்பத்திரியே 'சாயந்திரம் போகலாம்' என்று சொன்னாலும், ராத்திரி பத்து மணிக்குத் திருத்துறைப்பூண்டியைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் வயிறு உப்பினால், ரத்தம் ஏற்றி, ரத்தக்குழாயை அடைக்கும் வசதி உள்ள இடத்துக்குத் திரும்பி வர எத்தனை நேரம் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வார்டிலேயே ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் தஞ்சாவூரில் சொந்தக்காரர் வீடோ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ரூமோ போதும். ஆஸ்பத்திரியிலிருந்து அரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்க வேண்டும், கூட ஒரு பெரியவர் விழித்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளைக் கையிலேயே வையுங்கள். 108-ஐக் கூப்பிட்டால் 'இன்றைக்குக் கல்லீரல் பயாப்ஸி எடுத்திருக்கு' என்பதுதான் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியமாக இருக்கட்டும். மறுநாள் காலை வலி தணிந்து அம்மா நன்றாக நடமாடினால் ஊருக்குக் கிளம்பலாம்.

ஊர் வந்த பிறகு ஊசி போட்ட இடத்துப் பிளாஸ்திரியை ஒரு நாள் நனைக்க வேண்டாம். மறுநாள் கழற்றிவிட்டுக் குளிக்கலாம். காயம் மூடும்வரை ஆற்றிலும் குளத்திலும் முங்க வேண்டாம். வீட்டுக்குள் நடமாட்டம், சமையல் எல்லாம் இரண்டு நாளில் ஆரம்பிக்கலாம். நடவுக்கு ஒரு வாரம் பொறுக்கட்டும். நாள் முழுக்கக் குனிவதும் நாற்றுக்கட்டைத் தூக்குவதும் வயிற்றை இறுக்கி, ஆறிக்கொண்டிருக்கும் இடத்தைக் கிளறிவிடும். தண்ணீர்க் குடம், புல்லுக்கட்டு, நெல் மூட்டைக்கும் அதே ஒரு வாரம். கூலி போகிறதே என்று ஐந்தாம் நாள் இறங்கிவிடுவார்கள், நீங்கள்தான் பிடித்து நிறுத்த வேண்டும். ஆஸ்பிரினை எந்த நாளில் திரும்பத் தொடங்குவது என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தொடங்கச் சொல்வார்கள். எழுதாவிட்டால் மறந்தே போகும், நெஞ்சுக்கு அது ஆபத்து.

ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, மேல் வயிற்றில் விட்டுவிட்டு வலித்துக் கண் மஞ்சளானாலோ நாள் கடத்தாமல் தஞ்சாவூருக்கே வாருங்கள். ஊசி போன வழியில் ரத்தம் பித்தக்குழாய்க்குள் இறங்குவது சில நாள் கழித்து அபூர்வமாக நேரும்.

எடுத்த சதையை ஃபார்மலினில் போட்டுப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாகச் சீவிச் சாயம் ஏற்றிப் பார்ப்பதால் ரிப்போர்ட் வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ரிப்போர்ட் வாங்கப் போகும்போது ஸ்லைடும் மெழுகுக் கட்டியும் லேபில் பத்திரமாக இருக்குமா, வேண்டுமானால் வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேறு ஒரு பேத்தாலஜி டாக்டரின் கருத்து தேவைப்பட்டால் அந்தக் கட்டியிலிருந்தே புதிதாகச் சீவிப் பார்ப்பார்கள், அம்மாவுக்கு இன்னொரு ஊசி வேண்டியிருக்காது.